மலையூர்க் கால்பந்துப் போட்டிக்கு வரவுசெலவுத் திட்டம்: டிக்கெட் வசூலை எவ்வளவு நம்பலாம்?

கோத்தகிரி, போட்டிக் குழுப் பொருளாளர்

பதினாறு அணிகள் கலந்துகொண்ட நாக்-அவுட் கால்பந்துப் போட்டி ஒன்றை எங்கள் ஊரில் நடத்தினோம். அதற்குக் கணக்குப் போட்ட அனுபவத்தை இங்கே பகிர்கிறேன். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தையும் சேர்த்து மொத்தம் 16 ஆட்டங்கள். நாளுக்கு இரண்டு வீதம், நான்கு வாரங்களின் சனி, ஞாயிறுகளில் எட்டு நாட்கள் ஆடுவது என்று தீர்மானித்தோம்.

செலவு இப்படி வந்தது. மைதான வாடகை, சுண்ணாம்புக் கோடு, கோல் வலை எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். நடுவர்களுக்கு 45,200, இதில் ஆட்டத்துக்கு 1,700 வீதம் சன்மானம் 27,200, மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வரும் மூவரின் பயணம், தங்கல், சாப்பாட்டுக்கு வாரம் 4,500 வீதம் 18,000. பரிசுத் தொகையும் கோப்பைகளும் 48,000. காப்பீடு 15,000. முதலுதவி, ஒலிபெருக்கி, பந்தல், குடிநீர் ஆகியவற்றுக்கு 26,000. ஆக மொத்தம் 1,52,200. வரவில் உறுதியானவை நுழைவுக் கட்டணம் 40,000, புரவலர்கள் தருவதாக ஒப்புக்கொண்ட 70,000 ஆகிய இரண்டு மட்டுமே. மீதி 42,200 ரூபாயை டிக்கெட்டில் எடுத்துவிடலாம் என்பது குழுவின் எண்ணமாக இருந்தது.

டிக்கெட் 20 ரூபாய் என்றால் 2,110 பேர் காசு கொடுத்து உள்ளே வர வேண்டும். மலையூர் மைதானத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் உள்ள சிக்கல் புரியும். மைதானம் பள்ளத்தில் இருக்கிறது, சாலை மேலே வளைந்து போகிறது, அந்த வளைவில் நின்றால் இரண்டு கோல் கம்பங்களும் தெளிவாகத் தெரியும். முதல் இரண்டு வாரமும் கூட்டம் முழுக்க அந்தத் தடுப்புச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருந்தது. மொத்த டிக்கெட் விற்பனையில் பெரும்பகுதி அரையிறுதி, இறுதி ஆட்ட நாட்களில்தான் நடந்தது. அந்த இரண்டு நாட்களில் ஒன்றை மழை கொண்டுபோனால் வசூலும் அதோடு போய்விடும்.

ஆகவே மழைக்கென்று ஒரு தனித் தலைப்பு வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். ஒரு நாள் ஆட்டம் தள்ளிப்போனால் மைதான வாடகை 1,500, முதலுதவிக் குழு 1,500, வந்து திரும்பும் நடுவர்களுக்குப் பாதிச் சன்மானம் 1,700, மறுபடியும் அவர்கள் மலையேறி வருவதற்கு 4,500 என 9,200 ரூபாய் கூடுதலாகிறது. இரண்டு நாளுக்கு 18,400 ஒதுக்கினோம். அதனால் பற்றாக்குறை 60,600 ஆக உயர்ந்தது. ஆனால் அதுதான் உண்மையான பற்றாக்குறை என்பதைக் குழு ஏற்றுக்கொண்டது. பரிசுத் தொகையைத் துண்டறிக்கையில் அச்சடிப்பதற்கு முன்பே இந்தக் கணக்கு கையில் இருந்ததால், ரொக்கப் பரிசில் 10,000 குறைக்க முடிந்தது. அறிவித்த பரிசை அதற்குப் பிறகு குறைக்க வழியே இல்லை.

கூடலூர் உறுப்பினர்

வணக்கம் ஐயா. மழைக்குத் தனியாகப் பணம் ஒதுக்குவதைவிட, காப்பீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் 15,000 ரூபாயிலேயே அது அடங்கிவிடும் அல்லவா? வீரர்களின் காயத்துக்கும் ஆட்டம் ரத்தாவதற்கும் சேர்த்தே பாலிசி இருப்பதாக எங்கள் குழுவில் சொன்னார்கள். எட்டு நாட்களை ஆறாகக் குறைத்தால் ஒரு வாரச் செலவு அப்படியே மிச்சமாகும் என்றும் எனக்குத் தோன்றுகிறது. முதல் சுற்றில் நாளுக்கு நான்கு ஆட்டம் வைக்கலாமே.

குன்னூர், ஓய்வு பெற்ற நடுவர்

தம்பி, நாட்களைக் குறைக்கலாம் என்பது சரி, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மிச்சமாகாது. ஒரே நாளில் நான்கு ஆட்டத்துக்கும் அதே மூன்று பேரை ஓடவிட முடியாது. மூன்றாவது ஆட்டத்திலேயே துணை நடுவர் ஆஃப்சைடு கோட்டுக்குப் பின்தங்கிவிடுவார், தகராறு அங்கேதான் தொடங்கும். முதல் வாரத்துக்கு இரண்டு குழு நடுவர்கள் வேண்டும் என்பதால் பயணச் செலவு இரட்டிப்பாகி, குறைந்த வாரத்தின் 4,500 ரூபாயை அது தின்றுவிடும். மிஞ்சுவது இரண்டு நாள் மைதான வாடகையும் முதலுதவிச் செலவுமாக 6,000 ரூபாய்தான். அதோடு பாதி ஆட்டத்தை 35 நிமிடமாகச் சுருக்கி, காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால்தான் மூன்று மணிக்குள் நான்கும் முடியும். அதற்குமேல் மூடுபனி இறங்கினால் ஒரு கோலிலிருந்து மறு கோல் தெரியாது, நடுவர் ஆட்டத்தை நிறுத்தத்தான் வேண்டும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, பாலிசியை வரி வரியாகப் படியுங்கள். குழு விபத்துக் காப்பீடு பொதுவாக உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் பணம் தருவது. மருத்துவச் செலவைத் தனியாகக் கேட்டுச் சேர்த்தால்தான் அது வரும். நான் நடுவராக நின்ற ஒரு போட்டியில் ஒரு பையனுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்தச் சேர்ப்பு இல்லாததால் பாலிசி இருந்தும் ஒரு ரூபாய் வரவில்லை. இரண்டு அணிகளும் வசூல் செய்துதான் சிகிச்சை நடந்தது. கடைசி நேரத்தில் மாற்றிய வீரரின் பெயர் பட்டியலில் ஏறாவிட்டாலும் இதே கதிதான். பந்தல் சரிந்து பார்வையாளருக்கு அடிபட்டால் அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு என்பது வேறொன்று. மழைக்கான ரத்துக் காப்பீடு மூன்றாவது வகை.

கொடைக்கானல் உறுப்பினர்

எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. மே மாதத்தில் கைப்பந்துப் போட்டி வைத்தோம். சீசனில் கூட்டம் வரும், டிக்கெட் விற்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்த சுற்றுலாப் பயணிகள் ஏரிக்கும் பூங்காவுக்கும் போனார்களே தவிர, மைதானத்தை எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் நடுவர்களுக்கு எடுத்த அறையின் வாடகை மட்டும் சீசன் விலைக்கு ஏறிவிட்டது. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு இருப்பதால், வெளியூர் அணிகளின் வண்டிகளுக்கு அதையும் முன்கூட்டியே எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கோத்தகிரியில் எந்த மாதம் வைத்தீர்கள் என்று சொல்லவில்லையே?

கோத்தகிரி, போட்டிக் குழுப் பொருளாளர்

பிப்ரவரியில் வைத்தோம். எங்கள் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் கனம். கூடலூர் நண்பர் ஜூன், ஜூலையைத் தவிர்க்க வேண்டும். நாள் குறிக்கும்போது உங்கள் ஊருக்கு எந்த மழை என்பதை முதலில் பாருங்கள்.

நடுவர் ஐயா சொன்னதுபோல மருத்துவச் செலவையும் சேர்த்தே 15,000 ஆனது. ரத்துக் காப்பீட்டையும் விசாரித்தோம். மூடுபனியால் நின்ற ஆட்டம் அதில் அடங்குமா என்று கேட்டதற்கு எழுத்தில் பதில் வரவில்லை, அதனால் எடுக்கவில்லை. வேறு யாருக்காவது தெளிவான பதில் கிடைத்திருந்தால் எழுதுங்கள்.

பற்றாக்குறையை முழுவதும் வாயிலில் எடுக்க முயலாமல், எல்லா நாளுக்கும் செல்லும் 100 ரூபாய்ச் சீட்டை அணிக்கு 25 வீதம் போட்டிக்கு முன்பே கொடுத்தோம். விற்காததைத் திருப்பித் தரலாம் என்றும் சொன்னோம். 260 சீட்டு விற்று, முதல் விசில் ஊதும் முன்பே 26,000 ரூபாய் வந்தது. மழை தொட முடியாத வசூல் அது. அதில் நடுவர்களுக்கான பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டோம். ரொக்கப் பரிசில் குறைத்த 10,000 போக மிஞ்சிய 24,600 ரூபாயை மட்டுமே தினசரி டிக்கெட்டுக்கு விட்டோம்.

தினசரி டிக்கெட்டுக்கு நாளுக்கொரு நிறத்தில் நூறு தாள் புத்தகம், அடிக்கட்டையோடு. காலையில் கொடுக்கும்போது முதல் எண்ணையும் மாலையில் கிழிக்காத முதல் எண்ணையும் இருவர் கையெழுத்தோடு நோட்டில் எழுதிய பிறகே பணத்தை எண்ணுவோம். எண்ணுக்கும் பணத்துக்கும் வித்தியாசம் வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

கூடலூர் உறுப்பினர்

நன்றி ஐயா. இன்னொன்று: பரிசுத் தொகையில் வரி பிடிக்க வேண்டுமா? டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி உண்டா?

கோத்தகிரி, போட்டிக் குழுப் பொருளாளர்

ஒருவருக்கு 500 ரூபாய்க்கு மேற்படாத டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. பரிசுத் தொகை பற்றி இரண்டு ஆடிட்டர்களிடம் கேட்டோம், இருவரும் இருவிதமாகச் சொன்னார்கள். நாங்கள் ரொக்கமாகக் கையில் கொடுக்காமல், அணியின் பெயரில் காசோலையாகக் கொடுத்து, அணித்தலைவரிடம் ரசீதும் பான் எண்ணும் வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறோம்.