டொராண்டோல முதல் வேலை, காண்ட்ராக்ட்ல ப்ரொபேஷன் 6 மாசம்னு இருக்கு, சைன் பண்ணலாமா?

மார்க்கம்ல ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி, வருஷத்துக்கு 52,000 டாலர். வெள்ளிக்கிழமைக்குள்ள சைன் பண்ணி அனுப்பணுமாம். ப்ரொபேஷன் 6 மாசம், நோட்டீஸ் 2 வாரம், வேலைய விட்டா 1 வருஷம் போட்டி கம்பெனில சேரக்கூடாதுன்னு ஒரு பாரா வேற. ஊர்ல 90 நாள் நோட்டீஸ் பாத்து பழகுனவன், இங்க எதுக்கு பயப்படணும்னே தெரியல.

பிராம்ப்டன் ரவி: ப்ரொபேஷன்ல எப்ப வேணா அனுப்பலாம் ப்ரோ, ஒரு பைசா தர வேணாம். நான்-கம்பீட் சைன் பண்ணா மாட்டிப்பீங்க, பாத்துக்கோங்க.

ஸ்கார்பரோ அண்ணன்: ரவி சொன்னது பாதிதான் சரி. ஒன்டாரியோ சட்டத்தில நோட்டீஸும் அதுக்கான சம்பளமும் குடுக்காம அனுப்பலாம் எண்டிறது முதல் 3 மாசத்துக்குத்தான், பேப்பரில 6 மாசம் எண்டு எழுதினாலும் அது மாறாது. தம்பி, உம்மை 5ம் மாசம் நிப்பாட்டினா 1 கிழமை நோட்டீஸ் இல்லாட்டி 1 கிழமை சம்பளம் தரவேணும், உம்மட கணக்குக்கு 1,000 டாலர், சேர்ந்திருக்கிற வெக்கேஷன் பே வேற. நான்-கம்பீட்டை 2021 அக்டோபர் 25 தொடக்கம் இங்க தடை செய்தாச்சு, பெரிய எக்ஸிக்யூட்டிவ் மாருக்கும் கம்பெனிய வித்திட்டு வாங்கினவையிட்டயே உடன வேலைக்குச் சேருற ஆக்களுக்கும்தான் விலக்கு. ஆனா கஸ்டமர இழுக்கக்கூடாது, ரகசியத்தை வெளிய சொல்லக்கூடாது எண்டு இருந்தா அது வேற, அத வாசிச்சுப் பாரும்.

வங்கில இருக்கிற அக்கா: என்னை 4 வருஷத்துல அனுப்பினப்போ நோட்டீஸ் சம்பளம் போக செவரன்ஸ்னு தனியா ஒரு தொகையும் குடுத்தாங்களே, இவருக்கும் கிடைக்கும்தானே?

ஸ்கார்பரோ அண்ணன்: அக்கா, வங்கி, விமானம், டெலிகாம் எல்லாம் ஃபெடரல் சட்டம், அங்க 1 வருஷத்திலயே செவரன்ஸ் உண்டு. ஒன்டாரியோவில 5 வருஷம் வேலை செய்திருக்கவேணும், பொதுவா கம்பெனிட சம்பளச் செலவு வருஷத்துக்கு குறைஞ்சது 25 லட்சம் டாலர் இருக்கவேணும், சின்ன கம்பெனி எண்டா அநேகமா கிடையாது.

தம்பி, நான் பயப்படுறது வேற வரிக்கு. டெர்மினேஷன் எண்டு போட்ட பாராவில சட்டத்தில சொன்ன குறைஞ்ச அளவு மட்டும் தருவம் எண்டு இருக்கா?

கேட்டவர்: ஆமாண்ணே, அப்டியே இருக்கு.

ஸ்கார்பரோ அண்ணன்: அந்த வரி இல்லாட்டி நீர் கோர்ட்டுக்குப் போனா வயசு, பதவி, எத்தின வருஷம் எண்டு பாத்து மாசக்கணக்கில கூட தருவினம், சைன் வச்சா அந்த உரிமைய விட்டுக்குடுக்கிறீர். எழுத்து பிழையா இருந்தா கோர்ட் தூக்கி எறிஞ்சதும் இருக்கு, உம்மட பாரா எந்த ரகமெண்டு என்னால சொல்லேலாது, எம்ப்ளாய்மென்ட் லாயரிட்ட காட்டும்.

கேட்டவர்: சரிண்ணே, திங்கள் வரைக்கும் டைம் கேட்டு எச்ஆருக்கு இப்பவே மெயில் போடறேன்.