பொண்ணு தலையில வெள்ளை புள்ளி: ஈரா, பொடுகா? எப்படி கண்டுபிடிக்கறது?

கயல் அம்மா:
பொண்ணுக்கு எட்டு வயசு, மூணாவது படிக்கறா. கொஞ்ச நாளா தலைய சொறிஞ்சிட்டே இருக்கா, முடியில அங்கங்க வெள்ளையா சின்ன சின்ன புள்ளி. எங்க மாமியார் பொடுகுதான்னு சொன்னாங்க, அதனால பொடுகு ஷாம்பு போட்டுட்டு வர்றோம், ஒண்ணும் குறையல. சீவினா சிலது உதிருது, சிலது அப்படியே நிக்குது. இதுல பிடரியிலயும் காதுக்கு பின்னாடியும் சின்ன சின்னதா சிவப்பா தடிப்பு வேற, ராத்திரி தூக்கத்துலயும் சொறியறா. ஒரு பேன் கூட என் கண்ல படல. பேனே இல்லாம ஈரு இருக்குமா? இல்ல ரெண்டுமே சேர்ந்து இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

முரளி_88:
ரொம்ப சிம்பிள் சிஸ்டர். ஊதிப் பாருங்க, பறந்தா பொடுகு, பறக்காம ஒட்டிட்டு இருந்தா ஈரு. ஈரு இருந்தாலே பேன் இருக்குன்னுதான் அர்த்தம், உடனே மருந்து போட்டுடுங்க.

செவிலி ராணி:
தோல் டாக்டர்கிட்ட நர்ஸா வேலை பாக்கறேன், இந்த சந்தேகத்தோட நிறைய அம்மாக்கள் வருவாங்க. முரளி சார் சொன்னதுல முதல் பாதி சரி, ரெண்டாவது பாதிதான் இடிக்குது. ஈரு பசை மாதிரி ஒண்ணால முடியோட ஒட்டியிருக்கும், பேன் பொரிச்சு வெளிய போனப்புறமும் அந்த ஓடு போகாது, முடி வளர வளர அதோடவே கீழ இறங்கி வரும். அதனால ஓடு மட்டும் இருந்தா இப்போ உயிரோட பேன் இருக்குன்னு சொல்லிட முடியாது, அதுக்காக மட்டும் மருந்தும் போட வேண்டாம்.

கயல் அம்மா, நல்ல வெளிச்சத்துல காதுக்கு பின்னாடியும் பிடரிக்கு மேலயும் முடிய பிரிச்சு, அந்த நிக்கற புள்ளி ஒண்ண ரெண்டு விரல் நகத்தால பிடிச்சு முடி நுனிப் பக்கம் இழுத்துப் பாருங்க. பொடுகுன்னா தொட்டதும் வந்துடும், உருவமும் ஒழுங்கா இருக்காது, தட்டையா இருக்கும். ஈருன்னா முட்டை வடிவத்துல, முடியோட ஒரு பக்கமா சாய்ஞ்சு ஒட்டியிருக்கும், நல்லா அழுத்தி இழுத்தாதான் வரும். மூணாவதா ஒண்ணு இருக்கு, அதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. முடிய சுத்தி குழாய் மாதிரி வெள்ளையா ஒரு உறை, வேர்ப்பக்கத்து தோல் உரிஞ்சு வர்றது. அது உதிராது, ஆனா இழுத்தா முடியோட மேலயும் கீழயும் வழுக்கிட்டு ஓடும். அது பேனும் இல்ல, அதுக்கு பேன் மருந்தும் வேண்டாம்.

அடுத்தது தூரம். தலைத்தோல்ல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு ஒரு ஸ்கேல் வச்சு பாருங்க. முடி மாசத்துக்கு சுமாரா 1 செ.மீ. வளரும், பேன் முட்டைய வேர்கிட்டயேதான் வைக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல பொரிச்சிடும். அப்போ 2 செ.மீ. தள்ளி வெள்ளையா இருந்தா ரெண்டு மாசத்துக்கு முன்ன வச்சதோட வெறும் ஓடு. வேர்ல இருந்து அரை செ.மீ.க்குள்ள பழுப்பு நிறத்துல இருந்தா அது புதுசா இருக்க வாய்ப்பு அதிகம்.

தேன்மொழி:
இந்த தூரக் கணக்க அப்படியே நம்ப வேண்டாம்க. வெப்பமான இடங்கள்ல வேர்ல இருந்து ரொம்ப தள்ளியும் உயிருள்ள முட்டை இருக்கும்னு படிச்சிருக்கேன்.

செவிலி ராணி:
உண்மைதான் தேன்மொழி, பிடரிப் பக்கம் அப்படி பாக்கறதுண்டு. அதனாலதான் தூரத்த வச்சு மட்டும் முடிவு பண்ண மாட்டோம், உயிரோட நடமாடற பேன் ஒண்ணாவது கண்ணால பாக்கணும். அது வெளிச்சம் பட்டா சட்டுனு ஓடிடும், அதான் கயல் அம்மா கண்ல படல.

ஈரத் தலையில சீவிப் பாருங்க. தலைய அலசிட்டு கண்டிஷனர தாராளமா தடவுங்க, பேன் ஓட முடியாம நின்னுடும். முதல்ல சாதா சீப்பால சிக்கு எடுத்துட்டு அப்புறம் பேன் சீப்ப தலைத்தோல்ல படற மாதிரி வச்சு நுனி வரைக்கும் ஒரே இழுப்பா இழுத்து, ஒவ்வொரு தடவையும் வெள்ளை டிஷ்யூல துடைச்சு பாருங்க. ஓடறதோ எள்ளு மாதிரி பழுப்பா கால் இருக்கறதோ வந்தா பேன்.

சண்முகம் அப்பா:
எங்க பையனுக்கும் இதேதான், பொடுகுன்னு நினைச்சு ஷாம்பு மாத்தி மாத்தி போட்டோம், அப்புறம் ஒரு இடத்துல வட்டமா முடியே கொட்டிடுச்சு. டாக்டர் படர்தாமரைன்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. உங்களுக்கும் அதுவா இருக்கும், மாத்திரை கேட்டு வாங்குங்க.

செவிலி ராணி:
சண்முகம் சார், உங்க பையனுக்கு சரி, அவங்க பொண்ணுக்கு முடி கொட்டலையே. ஆனா நீங்க சொன்னது எல்லாரும் கவனிக்க வேண்டியது. பள்ளிக்கூட வயசுல சாதாரண பொடுகு அவ்வளவா வர்றதில்ல, பெரும்பாலும் வயசுக்கு வர்ற சமயத்துலதான் ஆரம்பிக்கும். அதனால சின்ன குழந்தைக்கு செதில் உதிரறதோட முடி உடைஞ்சு கறுப்பு புள்ளி மாதிரி தெரிஞ்சாலோ வட்டமா சொட்டை விழுந்தாலோ டாக்டர்கிட்ட காட்டுங்க, அதுக்கு ஷாம்பு மட்டும் போதாது.

கயல் அம்மா:
நேத்து பண்ணிப் பாத்தேன் அக்கா. மேல தெரியற வெள்ளை எல்லாம் ரெண்டு செ.மீ. பக்கம் இருக்கு, நகத்தால இழுத்தா அசையவே மாட்டேங்குது. காதுக்கு பின்னாடி வேர்கிட்டயே காபி கலர்ல நாலஞ்சு, அதுவும் அப்படித்தான். உதிர்ந்தது எல்லாம் வேற மாதிரி, தட்டையா மெழுகு மாதிரி. கண்டிஷனர் போட்டு சீவினப்போ டிஷ்யூல ஒண்ணு நடந்துச்சு. அந்த பிடரி தடிப்பு கடிச்சதாலயா? கழுத்துல ஒரு கட்டி மாதிரியும் கைக்கு படுது, பயமா இருக்கு.

செவிலி ராணி:
அப்போ பேன் உறுதி, உதிரறது செதில். ரெண்டும் சேர்ந்தே இருக்கு, உங்க மாமியார் சொன்னதுலயும் பாதி சரிதான். ரெண்டு மாசத்துக்கு முன்ன வச்ச ஓடு இருக்கறதால பேன் வந்து அவ்வளவு நாளாச்சு. முதல் தடவை பேன் வர்ற குழந்தைக்கு அரிப்பு தெரியவே நாலு வாரம் ஆறு வாரம் கூட ஆகும், அதோட எச்சிலுக்கு உடம்பு ஒத்துக்காம போறதாலதான் அரிப்பும் அந்த சிவப்பு தடிப்பும். கட்டி, சொறிஞ்ச புண்ணால வீங்கின நெறிக்கட்டா இருக்கலாம். புண்ணுல நீர் கசிஞ்சு தேன் கலர்ல பக்கு கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ கட்டி பெருசானாலோ தள்ளிப் போடாம காட்டிடுங்க.

மருந்துன்னா பெர்மெத்ரின் 1% லோஷன். கண்டிஷனர் இல்லாத ஷாம்புல அலசி, துண்டால துவட்டி, ஈரம் இருக்கும்போதே வேர் வரைக்கும் தடவி 10 நிமிஷம் விட்டு அலசணும். முட்டை எல்லாத்தையும் அது கொல்லாது, அதனால ஒன்பதாவது நாள் திரும்ப போடணும், நிறைய பேர் விடறது இந்த ரெண்டாவது தடவையதான். நடுவுல மூணு நாலு நாளுக்கு ஒரு தடவை சீவிட்டே வாங்க. மருந்து போட்டும் பேன் சுறுசுறுப்பா நடந்தா அதே மருந்த திரும்பத் திரும்ப போடாதீங்க, சிலதுக்கு அது வேலை செய்யாது, டாக்டர் வேற கொடுப்பாங்க. பொடுகு ஷாம்பு இப்போதைக்கு நிறுத்திடுங்க, அது பேன ஒண்ணும் பண்ணாது.

முரளி_88:
தலையணை மெத்தை எல்லாம் மருந்து அடிக்கணுமா மேடம்?

செவிலி ராணி:
வேண்டாம், தலைய விட்டா ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துடும். கடைசி ரெண்டு நாள் போட்ட துணி, தலையணை உறைய சுடுதண்ணில துவைச்சா போதும். வீட்ல எல்லார் தலையையும் ஒரே நாள்ல சீவிப் பாருங்க, பேன் இருக்கறவங்களுக்கு மட்டும் மருந்து.

கயல் அம்மா:
சின்னவன் தலையிலயும் வெள்ளை இருக்கு, ஆனா இழுத்தா வழுக்கிட்டு போகுது, சீப்புல ஒண்ணும் வரல. அது நீங்க சொன்ன குழாய் மாதிரி உறையா?

செவிலி ராணி:
இருக்கலாம், நேர்ல பாக்காம சொல்ல மாட்டேன். அவனுக்கு மருந்து போடாம மூணு நாளுக்கு ஒரு தடவை ரெண்டு வாரம் சீவிப் பாருங்க, ஏதாவது நடந்தா இங்க எழுதுங்க.