பிரஷர் மாத்திரையால் அம்மாவுக்கு வறட்டு இருமல்: டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரையும் உண்டு. சிறுநீரில் புரதம் லேசாகப் போவதால் பிரஷருக்கு ராமிப்ரில் 5 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். பிரஷர் நன்றாகக் குறைந்தது. ஆனால் சில வாரங்களில் தொண்டையில் ஒரு குறுகுறுப்பும் வறட்டு இருமலும் ஆரம்பித்துவிட்டன. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. ராத்திரி படுத்தால் அதிகமாகிறது. இருமல் சிரப் எதுவும் கேட்கவில்லை, எக்ஸ்ரேயும் சுத்தம்.

ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி 'ப்ரில்' என்று முடியும் மாத்திரைகளில் இது தெரிந்த பக்கவிளைவுதான். உடம்பில் பிராடிகைனின் என்ற பொருள் சிதையாமல் சேர்ந்து தொண்டையை உறுத்துகிறது. அதனால் டோஸைக் குறைத்தாலும் பெரும்பாலும் இருமல் போகாது. டெல்மிசார்டன், லோசார்டன் வகை பிரஷர் மாத்திரைகள் அந்தப் பொருளைத் தொடுவதில்லை, சிறுநீரகத்துக்கும் காப்பு தரும். மாத்திரையை நாமே நிறுத்தினால் பிரஷர் ஏறிவிடும் என்பதால் அம்மா இப்போதும் விடாமல் போடுகிறார்.

அந்த வகைக்கு மாற்ற முடியுமா என்று கேட்க அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம். மாத்திரை தொடங்கிய தேதி, இருமல் வந்த தேதி, வீட்டில் எடுத்த பிரஷர் அளவு எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவோ, "டாக்டர் கொடுத்ததைப் போய் மாத்தச் சொல்றதா?" என்று தயங்குகிறார். இப்படி மாற்றிக்கொண்டவர்கள் டாக்டரிடம் பேச்சை எப்படி ஆரம்பித்தீர்கள்? மாற்றிய பிறகு இருமல் நிற்க எத்தனை வாரம் ஆனது? பொட்டாசியம், கிரியாட்டினின் மறுபடி பார்க்கச் சொன்னார்களா?