ஃபோர்ஸ் மஜூர்: நிகழ்வா, தடையா?

இளங்கோ:

அனைவருக்கும் வணக்கம். சரக்கு வழங்கல் ஒப்பந்த மாதிரி ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். யார் கையிலும் இல்லாத காரணத்தால் கடமையைச் செய்ய முடியாமல் போனால் பொறுப்பிலிருந்து காக்கும் ஃபோர்ஸ் மஜூர் பிரிவில் மூன்று சொற்களில் தேங்கி நிற்கிறேன். தலைப்புக்கு "தெய்வச்செயல்", நோட்டீஸுக்கு "அறிவிப்பு", அந்தக் காலத்தில் கடமையிலிருந்து கிடைக்கும் ரிலீஃபுக்கு "நிவாரணம்" என்று போட்டிருக்கிறேன். வெள்ளம், நிலநடுக்கம், போர், தொற்றுநோய், அரசுத் தடையாணை என்று பட்டியல் பிரிவிலேயே இருக்கிறது. அதனால் தலைப்பு எதுவானாலும் பொருள் மாறாது என்று நினைக்கிறேன். சரிதானே?

மீனாட்சி:

இளங்கோ, பொருள் மாறும். மூன்று சொல்லிலுமே சிக்கல் இருக்கிறது.

"தெய்வச்செயல்" இயற்கைச் சீற்றத்துக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் பட்டியலில் உள்ள அரசுத் தடையாணையும் போரும் மனிதர் செய்வன. தலைப்பையும் பட்டியலையும் ஒன்றுக்கொன்று முரணாக வைத்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.

பட்டியலில் ஒரு பெயர் இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. மூன்று கேள்விக்கும் "ஆம்" என்ற பதில் வேண்டும். அது அந்தத் தரப்பின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்ததா? ஒப்பந்தம் போட்ட நாளில் அது நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாததாக இருந்ததா? அதன் விளைவைத் தவிர்க்கவோ கடக்கவோ முடியாமல் போனதா? பன்னாட்டு வணிகக் கழகத்தின் 2020 மாதிரிப் பிரிவு, பட்டியலில் உள்ளவற்றுக்கு முதல் இரண்டையும் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. மூன்றாவதை மட்டும் பாதிக்கப்பட்டவர் நிறுவ வேண்டும். நடைமுறையில் சண்டை முழுக்க அந்த மூன்றாவதில்தான்.

அந்த மாதிரி "நிகழ்வு" என்ற சொல்லோடு தொடங்கினாலும், அதன் மூன்று சோதனைகளும் பன்னாட்டுச் சரக்கு விற்பனை உடன்படிக்கையின் 79ஆம் உறுப்பும் நிகழ்வை மையமாக வைக்கவில்லை. நிறைவேற்றத்தைத் தடுக்கும் "தடை"யைத்தான் வைக்கின்றன. தமிழிலும் தலைப்புச் சொல் தடையில் முடிய வேண்டும் என்பது என் கருத்து. "கை மீறிப் போய்விட்டது" என்று நாம் சொல்வது இந்தப் பொருளில்தான். ஆகவே கைம்மீறிய தடை.

தனபால்:

அம்மா, இதையொட்டி என் கேள்வி ஒன்று. ஆண்டு முழுக்க ஒரே விலையில் பாகங்கள் தருவதாகக் கையெழுத்திட்டிருக்கிறேன். மூலப்பொருள் விலை நான்கு மாதத்தில் 40% ஏறிவிட்டது. இது என் கையில் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. நான் கைம்மீறிய தடை என்று கடிதம் அனுப்பலாமா?

மீனாட்சி:

தனபால், அனுப்ப வேண்டாம். மூலப்பொருள் சந்தையில் கிடைக்கிறது, உங்கள் எந்திரம் ஓடுகிறது. கொடுக்க முடிகிறது, நட்டத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. அது தடை ஆகாது. நிலையான விலைக்கு ஒப்புக்கொண்டபோதே விலையேற்ற ஆபத்து உங்கள் பக்கம் வந்துவிட்டது. இந்தப் பிரிவைக் காட்டிச் சரக்கை நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள். உங்கள் ஒப்பந்தத்தில் விலைத் திருத்தப் பிரிவோ, பெருஞ்சுமை ஏற்பட்டால் மறுபேச்சு நடத்தும் பிரிவோ தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கான கலைச்சொல்லைத் தனி இழையில் பேசுவோம்.

உங்கள் கேள்வியால் ஒன்று தெளிவாகிறது. "கைம்மீறிய" என்பதை மட்டும் படிப்பவர், தன் கையில் இல்லாத எல்லாமே இதில் அடங்கும் என்று எடுத்துக்கொள்வார். "தடை"யும் கூடவே நின்றால்தான் எல்லை தெரிகிறது.

சிவநேசன்:

எல்லோருக்கும் வணக்கம். பிரெஞ்சு மூலத்தில் சொல்லுக்குச் சொல் "மேலான வலிமை" என்றுதான் இருக்கிறது. பழந்தமிழில் வலி என்றால் வலிமை. "பெருவலி" அழகாகப் பொருந்தும். ஆனால் இன்றைக்கு வாசிப்பவர் மருத்துவமனையைத்தான் நினைப்பார், அதனால் நானே அதை விட்டுவிடுகிறேன். பிரெஞ்சுச் சொல்லை மற்றவர்களும் விட்டிருக்கிறார்கள். கட்டுமான ஒப்பந்தங்களுக்கான ஃபிடிக் நூல்கள் 2017 பதிப்பில் அந்தப் பெயரை நீக்கி "விதிவிலக்கான நிகழ்வு" என்ற பொருளில் வேறு பெயர் வைத்தன. அவர்கள் நிகழ்வு என்றுதானே வைத்தார்கள்? நாமும் "கைம்மீறிய நிகழ்வு" என்று வைத்தால் என்ன குறை? பேச்சில் அதுதான் எளிதாக வரும்.

மீனாட்சி:

சிவநேசன் ஐயா, என்ன குறை என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன்.

வாரம் 10 டன் பிளாஸ்டிக் குருணை, வியாழன்தோறும் ஒப்படைப்பு என்று ஒப்பந்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தடையை அறிந்த நாளிலிருந்து 7 நாளுக்குள், குறித்த முகவரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிந்தினால், அறிவிப்பு போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் பாதுகாப்பு.

மார்ச் 3 அன்று ஆலைக்குள் வெள்ளம் புகுந்து மோட்டார்களும் மின் கட்டுப்பாட்டுப் பலகையும் மூழ்கிவிட்டன. அன்றே வழங்குநர் வாங்குநரின் கொள்முதல் அலுவலருக்குத் தொலைபேசியில் சொல்கிறார். மார்ச் 9 அன்று தண்ணீர் வடிந்துவிடுகிறது. எழுத்து அறிவிப்பு மார்ச் 21 அன்றுதான் போய்ச் சேருகிறது. புதிய பலகை ஏப்ரல் 28 அன்று வந்து, மே 2 அன்று உற்பத்தி தொடங்குகிறது. மார்ச் 5 முதல் ஏப்ரல் 30 வரை ஒன்பது ஒப்படைப்புகள், மொத்தம் 90 டன், தவறிவிட்டன.

"நிகழ்வு முடியும் வரை" என்று பிரிவு சொன்னால், நிகழ்வு வெள்ளம்தான். அது மார்ச் 9 அன்றே முடிந்தது. அறிவிப்பு அதற்குப் பிறகு வந்ததால் பாதுகாப்பு ஒரு நாள்கூட இல்லை. 90 டன்னுக்கும் தாமத இழப்பீடு கட்ட வேண்டும். "தடை நீடிக்கும் வரை" என்றால், பலகை இல்லாத காலமும் அதில் அடங்கும். மார்ச் 21 முதல் மே 2 வரை பாதுகாப்பு உண்டு. மார்ச் 5, 12, 19 ஆகிய மூன்று தவணை, 30 டன் மட்டும் அறிவிப்புப் பிந்தியதால் அவர் தலையில் விழும். மீதி 60 டன்னுக்குப் பொறுப்பில்லை. ஒரு சொல்லால் 60 டன் இடம் மாறுகிறது. ஃபிடிக் "நிகழ்வு" என்று பெயர் வைத்தாலும், எதுவரை விலக்கு என்பதை உள்ளே தனியாக எழுதிவிடுகிறது. நம் மாதிரியை எடுத்துப் பயன்படுத்துகிறவர் உள்ளே எழுத மறக்கலாம், தலைப்பு அவரைக் காக்க வேண்டும்.

இளங்கோ:

கணக்கு புரிந்தது, "தடை"க்கு மாறுகிறேன். ஆனால் ஏழு நாள் எங்கிருந்து வந்தது? சட்டப்படி 14 நாள் அல்லவா?

பாத்திமா:

இளங்கோ தம்பி, 14 நாள் என்பது ஃபிடிக்கின் கட்டுமான ஒப்பந்தங்களில் வரும் எண். சரக்கு ஒப்பந்தத்துக்கு அப்படி ஒரு பொதுச்சட்ட எண் கிடையாது. ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். விற்பனை உடன்படிக்கை "நியாயமான காலம்" என்று மட்டும் சொல்கிறது. தடையை அறிந்த நாளிலிருந்து மட்டுமல்ல, அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தும் அது எண்ணப்படும். அறிவிப்பு அனுப்பினால் போதாது, போய்ச் சேர வேண்டும்.

பிந்தியதன் விளைவும் இடத்துக்கு இடம் மாறும். சில ஒப்பந்தங்களில் நாள் தவறினால் பாதுகாப்பே போய்விடும். மீனாட்சி காட்டியது நடுவழி, பன்னாட்டு வணிகக் கழக மாதிரியும் அதுதான். விற்பனை உடன்படிக்கை இன்னும் மென்மையானது. விலக்கு நிற்கும், அறிவிப்பு வராததால் வாங்குநருக்கு ஏற்பட்ட இழப்பை மட்டும் ஈடுசெய்ய வேண்டும். எதை விரும்புகிறோம் என்று பிரிவில் எழுதாவிட்டால் பிறகு வாதாட வேண்டியிருக்கும்.

கொள்முதல் மேசையில் உட்கார்ந்து நான் பார்க்கும் அறிவிப்புகளில் பெரும்பாலானவை "வெள்ளத்தால் பாதிக்கப்பட்டுள்ளோம்" என்ற ஒரு வரியோடு முடிகின்றன. அது செய்தி, எனக்கு உதவாது. எந்தக் கடமை, எத்தனை டன், எந்தத் தேதியிலிருந்து, எது பழுது, எப்போது சரியாகும் என்ற மதிப்பீடு, அதற்குள் என்ன செய்கிறீர்கள், இவ்வளவும் இருந்தால்தான் வேறிடத்தில் வாங்குவதா காத்திருப்பதா என்று நான் முடிவெடுக்க முடியும். மதிப்பீடு மாறினால் மறுபடி எழுத வேண்டும். ஆகவே வெறும் "அறிவிப்பு" வேண்டாம், தடை அறிவிப்பு என்று தனிப்பெயர் கொடுங்கள். ஒப்பந்தத்தின் மற்ற அறிவிப்புகளோடு கலக்காது.

இன்னொன்று, மீனாட்சியின் கணக்கில் பலகைக்கான கொள்முதல் ஆணையின் தேதியைக் கேட்பேன். தண்ணீர் வடிந்த மறுநாளே ஆணை போயிருந்தால் ஏழு வாரக் காத்திருப்பை ஏற்கலாம். ஏப்ரல் 10 அன்றுதான் போயிருந்தால், அந்த இடைப்பட்ட ஒரு மாதம் தடையால் வந்ததல்ல, வழங்குநரின் மெத்தனத்தால் வந்தது. அந்த நாள்களைக் கழிப்பேன்.

மீனாட்சி:

கழிக்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். விளைவைத் தவிர்க்கவோ கடக்கவோ முடியாமல் போனதா என்ற அந்த மூன்றாவது கேள்வி ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்கப்படுகிறது.

இனி ரிலீஃப். "நிவாரணம்" என்றால் பேரிடர்ப் பணம் என்றே மக்கள் படிப்பார்கள், வாங்குநர் வழங்குநருக்கு ஏதோ கொடுக்க வேண்டும்போலத் தோன்றும். தனியாக "விலக்கு" என்றால் முற்றாக விடுபட்டதுபோல் ஒலிக்கிறது. நமக்கு வேண்டியது போய்த் திரும்பும் ஒன்று. "பொறுப்பு விடுப்பு" எப்படி? விடுப்பில் போனவர் திரும்ப வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

சிவநேசன்:

தடையை நான் ஏற்கிறேன், கணக்கு என் வாயை அடைத்துவிட்டது. ஆனால் "விடுப்பு" எங்களுக்குச் சரிவராது. யாழ்ப்பாணத்தில் விடுப்பு என்றால் ஊர்க்கதை கேட்பது. "விடுப்புக் கேட்க வந்தவர்" என்றால் அடுத்தவர் வீட்டு விசயத்தைத் துருவ வந்தவர். இரு கரைக்கும் பொதுவான கலைச்சொல் என்றால் இடைவிலக்கு என்று வையுங்கள். இடைக்காலமும் விலக்கும் சேர்ந்து நிற்கும்.

பாத்திமா:

இடைவிலக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மே 2 அன்று ஆலை பாதி வேகத்தில் தொடங்கி வாரம் 5 டன் மட்டும் வந்தால்? அப்போதும் தடை பாதி இருக்கிறது, இடைவிலக்கும் பாதிக்குத்தான். அந்த 5 டன்னையும் எனக்குத் தராமல் கூடுதல் விலை கொடுக்கும் வேறு வாங்குநருக்கு அனுப்பினால் விலக்கே கிடையாது என்று எழுதுங்கள். இருப்பதை எல்லா வாங்குநருக்கும் விகிதப்படி பிரிக்க வேண்டும். இந்தப் "பாதி"க்கும் ஒரு சொல் வேண்டும்.

இளங்கோ:

இதுவரை பேசியதைக் கோத்து வரைவு:

> கைம்மீறிய தடைக்கு உள்ளான தரப்பு, அதை அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 7 நாளுக்குள் தடை அறிவிப்பைச் சேர்ப்பிக்க வேண்டும். உரிய காலத்தில் சேர்ந்தால் தடை தொடங்கிய நாளிலிருந்தும், பிந்தினால் சேர்ந்த நாளிலிருந்தும் இடைவிலக்கு தொடங்கும். தடை நிறைவேற்றத்தைத் தடுக்கும் அளவுக்கும் காலத்துக்கும் மட்டுமே அது நீடிக்கும். பணம் செலுத்தும் கடமைக்கு இடைவிலக்கு இல்லை. தடை 120 நாளைத் தாண்டினால் எந்தத் தரப்பும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.

பாத்திமா:

120 நாள் பன்னாட்டு வணிகக் கழக மாதிரியில் உள்ளதுதான். ஆனால் தொடர்ச்சியாகவா, கூட்டியா? ஆலை 100 நாள் நின்று, 10 நாள் ஓடி, மறுபடி 100 நாள் நின்றால் உங்கள் வரைவில் நான் வெளியேற முடியாது. ஃபிடிக் 1999இல் தொடர்ந்து 84 நாள், விட்டுவிட்டு வந்தால் மொத்தம் 140 நாள் என்று இரண்டு எண் உண்டு. அதைப் போல இரண்டும் வேண்டும். என்னைப் போல வாரச் சரக்கை நம்பி ஓடும் ஆலைக்கு 120 நாளே மிக அதிகம், 60 கேட்பேன்.

மீனாட்சி:

60 என்றால் என் கணக்கில் வரும் ஆலை தப்பியது மயிரிழையில். மார்ச் 3 முதல் மே 2 வரை சரியாக 60 நாள். வழங்குநர் பக்கம் இருந்து நான் அதை ஏற்க மாட்டேன். எண்ணைச் சதுரக் கட்டத்துக்குள் காலியாக விடுங்கள் இளங்கோ, தரப்புகள் பேசி நிரப்பட்டும். ஆனால் தொடர்ச்சி, கூட்டல் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும்.

தவறிய 60 டன் பிறகு தர வேண்டியதா, கணக்கிலிருந்தே நீங்கியதா என்பதும் வரைவில் இல்லை. சந்தை விலை ஏறியிருந்தால் வாங்குநர் கேட்பார், இறங்கியிருந்தால் வழங்குநர் திணிப்பார். முந்தையதற்கு "தள்ளிய சரக்கு", பிந்தையதற்கு "கழிந்த சரக்கு" என்று தோன்றுகிறது. "கழிந்த" பற்றி எனக்கே நிறைவில்லை.

சிவநேசன்:

"நீங்கிய சரக்கு"?