72 மணி நேரத்தை 3 நிமிடமாகச் சுருக்கிச் சோதித்தால் போதுமா?

பழையஜாவா:
ஒப்புதல் ஓட்டத்தைச் சோதிக்கக் கான்ஃபிக்கில் 72 மணி நேர டைம்அவுட்டை 3 நிமிடமாகவும், 24 மணி நேர நினைவூட்டலை 1 நிமிடமாகவும் மாற்றினால் போதும். விகிதம் மாறவில்லை. இதற்கு மேல் செய்வதெல்லாம் நேர விரயம்.

நெய்தல்:
இந்த அறிவுரையைப் புதியவர்கள் நம்பிவிடுவார்கள் என்பதால் எழுதுகிறேன். ஒரு கொள்முதல் கோரிக்கை வெள்ளிக்கிழமை மாலை 4:30 மணிக்கு வருகிறது. துறைத் தலைவர் விடுப்பில் இருக்கிறார். தம் ஒப்புதல் உரிமையை ஞாயிறு நள்ளிரவு வரை ஒரு மூத்த பொறியாளருக்குக் கொடுத்திருக்கிறார். கோரிக்கை அந்தப் பொறியாளரின் பணிப்பட்டியலில் விழுகிறது, அவர் பார்க்கவில்லை. திங்கள் காலை துறைத் தலைவர் திரும்பி வந்தால் அவருடைய பட்டியல் காலியாக இருக்கிறது, ஏனென்றால் கோரிக்கை யாருடையது என்பது வெள்ளிக்கிழமையே எழுதப்பட்டுவிட்டது. பத்து மணிக்குப் பொறியாளர் திறந்து ஒப்புதல் பொத்தானை அழுத்தினால், உங்களுக்கு உரிமை இல்லை என்று கணினி மறுக்கிறது. இருவராலும் தொட முடியாத அந்தக் கோரிக்கை 72 மணி நேரம் முடியும் மாலை 4:30 மணிக்கு, துறைத் தலைவர் நடவடிக்கை எடுக்கவில்லை என்ற குறிப்போடு பொது மேலாளருக்கு எஸ்கலேஷன் ஆகிறது.

உங்கள் 3 நிமிடச் சோதனை 4:30 மணிக்குத் தொடங்கி 4:33 மணிக்கு முடிந்துவிடும். ஞாயிறு நள்ளிரவு அதற்குள் எப்படி வரும்? டைம்அவுட்டைச் சுருக்கலாம், விடுப்புத் தேதியைச் சுருக்க முடியாது.

பழையஜாவா:
பொறியாளர் பட்டியலைப் பார்க்காதது அவருடைய தவறு. அதைச் சோதனையின் குறையாகக் காட்டுவது நியாயமில்லை. என் 3 நிமிட முறையில் சென்ற ஆண்டு ஓர் உண்மையான பிழையைப் பிடித்தோம். சர்வரை மறுபடி தொடங்கியபோது டைமர்களை எடுத்து இயக்கும் ஜாப் எக்ஸிக்யூட்டர் அணைந்தே கிடந்தது. எந்த எஸ்கலேஷனும் கிளம்பவில்லை. கடிகாரத்தை மட்டும் நகர்த்திப் பார்ப்பவர்களுக்கு அது கண்ணில் பட்டிருக்காது. உண்மையான நேரம் ஓடினால்தான் உண்மையான பிழை வெளிவரும்.

தேன்மொழி:
இரண்டு பேரும் ஏன் இவ்வளவு சூடாகிறீர்கள் என்று தெரியவில்லை. நாங்கள் கமுண்டா 7 என்ற பணிப்பாய்வு எஞ்சினைப் பயன்படுத்துகிறோம். `ClockUtil` மூலம் திங்கள் மாலைக்குப் போய், டைமரை `executeJob` கொண்டு ஓட்டிவிடுகிறோம். சில விநாடிகளில் எல்லாம் பச்சையாகிவிடும். இந்தத் தகராறு அத்தோடு முடிந்தது.

நெய்தல்:
முடியவில்லை, தேன்மொழி. நீங்கள் பாதி தூரம் சரியாக வந்திருக்கிறீர்கள், ஆனால் அந்தப் பச்சையை நான் நம்பமாட்டேன். முதலாவதாக, `executeJob` கெடு வந்ததா என்று பார்ப்பதே இல்லை. கொடுத்த டைமரை அப்போதே ஓட்டிவிடும். யாராவது 72 என்பதற்குப் பதிலாக 7 என்று எழுதியிருந்தாலும் உங்கள் சோதனை தேறிவிடும். ஆகவே கெடுவைத் தனியாகச் சரிபார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

```java
Job t = managementService.createJobQuery().timers().activityId("timeout72h").singleResult();
assertEquals(monday1630, t.getDuedate());
ClockUtil.setCurrentTime(monday1630);
managementService.executeJob(t.getId());
```

தொடக்கத்திலேயே கடிகாரத்தை வெள்ளி 4:30 மணிக்கு நிறுத்தி வைத்திருந்தால்தான் இரண்டாம் வரிக்குப் பொருள் உண்டு. முடிந்ததும் `ClockUtil.reset()` அழைக்காவிட்டால் அடுத்த சோதனை திங்கட்கிழமையில் விழித்தெழும். இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. நீங்கள் நகர்த்தியது எஞ்சினின் கடிகாரத்தை மட்டுமே. விடுப்பைப் பார்க்கும் உங்கள் நிரல் `LocalDate.now()` என்று கேட்டால், அதற்கு இன்றைய தேதிதான் கிடைக்கும். டேட்டாபேஸ் வினவலில் `CURRENT_DATE` இருந்தாலும் அதே கதி. எஞ்சினுக்குத் திங்கள், விடுப்பு அட்டவணைக்கு இன்று என்று இரண்டு நாட்களில் நின்றுகொண்டு சோதித்தால் கிடைக்கும் விடைக்கு மதிப்பில்லை. ஒரே `Clock` பொருளை எல்லாப் பகுதிகளுக்கும் வெளியிலிருந்து கொடுத்து, தேதியை வினவலுக்கு அளவுருவாக அனுப்ப வேண்டும்.

கரிசல்:
நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்களே! எங்கள் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மேலாளர் விடுப்பில் போகும்போது யாருக்கு உரிமையைக் கொடுத்தாரோ, அவருடைய கோரிக்கையே நிலுவையில் இருந்தது. அவர் தம் கோரிக்கைக்குத் தாமே ஒப்புதல் கொடுத்துவிட்டார். தணிக்கையில் வந்துதான் எங்களுக்குத் தெரிந்தது. இதை யாராவது சோதிக்கிறீர்களா?

பழையஜாவா:
நன்றி, கரிசல். இதைப் பிடிக்க 3 நிமிடம்கூடத் தேவையில்லை. நெய்தல் அவர்கள் எல்லாவற்றுக்கும் கடிகாரத்தையே காரணமாகக் காட்டுவது எனக்குப் பழக்கமானதுதான். மின்னஞ்சல் நினைவூட்டல் பற்றிய சென்ற விவாதத்திலும் இதையேதான் செய்தார்.

நெய்தல்:
சென்ற விவாதத்தில் நான் கேட்ட கேள்விக்குத் தாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதையும் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். கரிசல், கோரிக்கை மேலாளரிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் உரிமை மாற்றப்பட்டதா?

கரிசல்:
ஆமாம். கோரிக்கை புதன்கிழமை வந்தது; மேலாளர் வெள்ளிக்கிழமைதான் விடுப்பைப் பதிந்தார்.

நெய்தல்:
அப்படியென்றால் இதுவும் நேரம்தான். கோரிக்கையாளரும் ஒப்புதல் தருபவரும் ஒருவரா என்ற சரிபார்ப்பு உங்கள் கணினியில் இருந்திருக்கலாம், ஆனால் அது ஒதுக்கும் கணத்தில் மட்டும் ஓடியிருக்கும். நடுவில் ஆள் மாறியபோது மறுபடி ஓடவில்லை.

பழையஜாவா:
நடுவில் மாற்றுவதற்கும் என் முறையில் இடமிருக்கிறது. இரண்டாம் நிமிடத்தில் நானே திரையில் விடுப்பைப் பதிந்துவிடுவேன்.

நெய்தல்:
இன்று தொடங்கும் விடுப்பைப் பதியலாம். நாளை மறுநாள் தொடங்கும் விடுப்பை இரண்டாம் நிமிடத்தில் பதிந்து, மூன்றாம் நிமிடத்தில் அதை எப்படி நடப்புக்குக் கொண்டுவருவீர்கள்?

விகிதம் மாறவில்லை என்ற கூற்றும் பிழையானது. கமுண்டா 7 எஞ்சினில் வேலை இல்லாத நேரத்தில் ஜாப் எக்ஸிக்யூட்டர் சிறிது சிறிதாக இடைவெளியைக் கூட்டிக்கொண்டு, இயல்பான அமைப்பில் 60 விநாடி வரை உறங்கும். 72 மணி நேரத்தில் ஒரு நிமிடத் தாமதம் யாருக்கும் தெரியாது. 3 நிமிடத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. முதல் நிமிடத்தில் வர வேண்டிய நினைவூட்டல் இரண்டாம் நிமிடத்தில் வரும். சோதனை சில நாள் தேறும், சில நாள் தேறாது. பிறகு அதைத் தாங்களே அணைத்துவிடுவீர்கள்.

பழையஜாவா:
நான் எந்தச் சோதனையையும் அணைத்ததில்லை. உறக்க இடைவெளியைக் கான்ஃபிக்கில் குறைத்துக்கொள்ளலாம் என்பது தங்களுக்குத் தெரியாதா? சர்வர் மறுதொடக்கப் பிழையைத் தங்கள் முறை பிடிக்குமா என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

நெய்தல்:
அதற்கு ஒரே ஒரு சோதனையைச் சுருக்கிய டைமரோடு வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. விடுப்பும் உரிமை மாற்றமும் சேரும் எல்லா வழிகளையும் அதில் திணிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

தேன்மொழி:
`LocalDate.now()` எங்கள் நிரலில் பல இடங்களில் இருக்கிறது, தேடிப் பார்த்தேன். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை உதாரணத்தில் சோதனை எந்த விடையை எதிர்பார்க்க வேண்டும்? திங்கள் காலை கோரிக்கை துறைத் தலைவரிடம் திரும்ப வேண்டுமா, பொறியாளரிடமே இருக்க வேண்டுமா?

நெய்தல்:
திரும்ப வேண்டும். பொத்தானை அழுத்தும் கணத்தில் யாருக்கு உரிமை இருக்கிறதோ, அவருடைய பட்டியலில்தான் அது தெரிய வேண்டும்.

பழையஜாவா:
கூடாது. ஒதுக்கியபோது யாருக்கு உரிமை இருந்ததோ, அவரிடமே முடியும்வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் தணிக்கையாளர் கேட்கும்போது கோரிக்கை எந்த நாளில் யாரிடம் இருந்தது என்று சொல்ல முடியாது.

நெய்தல்:
ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாற்று அட்டவணையில் எழுதினால் சொல்ல முடியும். ஆனால் அந்த வரலாற்றைச் சோதிக்கத் தங்களுக்கு ஞாயிறு நள்ளிரவு வேண்டும், 3 நிமிடத்தில் அது வராது.

பழையஜாவா:
மறுபடியும் அதே நள்ளிரவு. என் குழு நாளையும் 3 நிமிடத்தில்தான் சோதிக்கும்.

கரிசல்:
எங்கள் தணிக்கைக் குறிப்பில் பொறுப்பு யாருடையது என்பது இன்னும் முடிவாகவில்லை. மேலாளரா, அவரிடம் உரிமை பெற்றவரா என்று யாராவது சொல்லுங்கள்.