லெட்ஜரில் பாக்கி பூஜ்யம், நிலுவைப் பட்டியலில் மட்டும் 40,000. எங்கே தப்பு?

புதுக்கணக்கர்:
டாலியில் கணக்கு எழுதுகிறேன். ஒரு வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்தபோது 40,000 அட்வான்ஸ் தந்தார். ரசீது வவுச்சரில் அவர் பெயரில் வரவு வைத்து, `Advance` என்று தேர்ந்தெடுத்து `ADV-1` என்று பெயர் கொடுத்தேன். வேலை முடிந்ததும் 1,00,000-க்கு இன்வாய்ஸ் போட்டேன், எண் `INV-57`. மீதி 60,000-ஐயும் அவர் கட்டிவிட்டார்.

லெட்ஜரைத் திறந்தால் பாக்கி இல்லை. ஆனால் நிலுவைப் பட்டியலில் `INV-57`-க்கு 40,000 தவணை தாண்டி நிற்கிறது. அதைப் பார்த்து அவருக்கு நினைவூட்டல் கடிதம் வேறு அனுப்பித் தொலைத்தேன். "முழுசாகக் கட்டியாச்சே" என்று கோபமாகப் போன் வந்தது. என்ன செய்வது?

சில்லறை:
ரொம்ப சுலபம். அட்வான்ஸ் வந்த அன்றே அதை விற்பனைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் இன்வாய்ஸை 60,000-க்கு மட்டும் போடுங்கள். மொத்த விற்பனை 1,00,000 சரியாக வரும், பாக்கியும் நிற்காது. நான் இப்படித்தான் செய்கிறேன்.

பற்றுவரவு:
சில்லறை சொல்வதில் கூட்டுத்தொகை மட்டும்தான் சரி. சரக்கோ வேலையோ கொடுக்காத மாதத்தில் 40,000 விற்பனை ஆனதாகக் கணக்கு சொல்லும். ஆர்டர் ரத்தாகிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், நடக்காத விற்பனையை நீங்களே திரும்ப எடுக்க வேண்டும். அட்வான்ஸ் என்பது நாம் அவருக்குத் தர வேண்டிய கடன். இன்வாய்ஸ் எப்போதும் முழுத் தொகைக்கு இருக்கட்டும், கழிப்பதைத் தனியாகச் செய்யுங்கள்.

புதுக்கணக்கரே, உங்கள் ரசீதில் தப்பில்லை. இன்வாய்ஸ் போடும்போது மொத்த 1,00,000-ஐயும் `New Ref` என்று விட்டிருப்பீர்கள். அதனால் `ADV-1` வரவாகத் தனியாகவும், `INV-57`-ன் மீதி பற்றாகத் தனியாகவும் நிற்கின்றன. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம், ஆனால் ஒன்றை இன்னொன்றோடு யாரும் சேர்த்துவைக்கவில்லை. வாடிக்கையாளர் லெட்ஜருக்கான `Outstandings` திரையில் ஒரே தொகை இரண்டு வரிகளில் எதிரெதிராக நின்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்வாய்ஸ் வவுச்சரைத் திருத்த முடியுமானால், அதன் பில் விவரத்தில் 40,000-ஐ `Agst Ref` என்று `ADV-1`-க்கும், மீதி 60,000-ஐ `New Ref` என்று `INV-57`-க்கும் பிரித்துவிடுங்கள். கணக்கை முடித்துவிட்ட மாதம் என்றால் தொடாதீர்கள், ஒரு ஜர்னல் போதும். இரண்டு பக்கமும் அதே வாடிக்கையாளர் லெட்ஜர்தான்:

```
Dr  வாடிக்கையாளர்  40,000   Agst Ref  ADV-1
Cr  வாடிக்கையாளர்  40,000   Agst Ref  INV-57
```

லெட்ஜர் பாக்கி மாறாது. நிலுவை வரிகள் இரண்டும் மறையும்.

மாலைநேரம்:
எனக்கும் இதே பிரச்சினை. சப்ளையருக்கு 15,000 முன்பணம் கொடுத்தேன், பில் வந்தபோது கழிக்க மறந்துவிட்டேன். மேலே உள்ள ஜர்னலை அப்படியே போடலாமா?

பற்றுவரவு:
அப்படியே போட்டால் தலைகீழாகிவிடும். உங்களுடையது கொடுத்த அட்வான்ஸ், அது பற்றில் நிற்கிறது. அதனால் அட்வான்ஸ் குறிப்பு `Cr`-ல், பில் குறிப்பு `Dr`-ல் வர வேண்டும்.

புதுக்கணக்கர்:
ஜர்னல் போட்டேன், இரண்டு வரியும் போய்விட்டது. அவரைக் கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டாயிற்று. ஆனால் இன்னொருவர் கணக்கில் 25,000 `On Account` என்று இருக்கிறது. அதற்குக் குறிப்பெண்ணே இல்லையே?

பற்றுவரவு:
எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் பணத்தை வாங்கிப் போட்டால் அப்படித்தான் விழும். ரசீதைத் திறந்து `Advance` என்று மாற்றிப் பெயர் கொடுங்கள், பிறகு முன்போலவே. திறக்க முடியாவிட்டால் ஜர்னலில் `Dr` பக்கத்தை `On Account` என்றே வைத்து, `Cr` பக்கத்தை `Agst Ref` என்று இன்வாய்ஸுக்குக் கொடுக்கலாம். ஆனால் அந்த 25,000 எந்த ஆர்டருக்கு வந்தது என்று முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள். ஊகத்தில் கழித்தால் மறுபடியும் போன் வரும்.

ஆண்டுக் கடைசியில் இன்னொன்றையும் பாருங்கள். இன்வாய்ஸ் போடாத அட்வான்ஸ்கள் கடனாளிகள் குழுவில் வரவாக இருந்து, வர வேண்டிய மொத்தத்தைக் குறைத்துக் காட்டும். அவற்றைத் தனியாக எடுத்துப் பொறுப்புப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

சில்லறை:
அதற்குத்தான் சிலர் "வாடிக்கையாளர் முன்பணம்" என்று தனி லெட்ஜரே வைக்கிறார்கள். அது நல்லதில்லையா?

பற்றுவரவு:
ஆண்டுக் கடைசியில் வசதிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஜர்னல் போட்டு மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால், இப்போது பட்டியலில் மட்டும் இருக்கிற தப்பு லெட்ஜரிலேயே வந்துவிடும். நான் ஒரே லெட்ஜர் கட்சி. எங்கள் அலுவலகத்திலேயே பாதிப் பேர் ஒத்துக்கொள்வதில்லை.

மாலைநேரம்:
அட்வான்ஸ் வாங்கிய அன்றே வரி கட்ட வேண்டுமா, இன்வாய்ஸ் அன்றா?

பற்றுவரவு:
அது நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் சரக்கா சேவையா என்பதைப் பொறுத்தும் மாறும். உங்கள் தணிக்கையாளரிடம் கேளுங்கள்.