தமிழ் லெசோனுக்குப் பிள்ளைகள்: ஆசிரியர் அறை வழியா, பெற்றோர் வழியா?

ரோஸ்ஹில்_புதியவர்: இங்கே மொரிஷியஸில், மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ்ப் பட்டம் முடித்துவிட்டு அரசு வேலைக்குக் காத்திருக்கிறேன். அதுவரை 9 முதல் 11ஆம் கிரேடு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் லெசோன், அதாவது பள்ளிக்கு வெளியே தனி வகுப்பு, கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பிள்ளைகள் பள்ளி ஆசிரியர்கள் மூலமாக வருவார்களா, பெற்றோர்கள் மூலமாகவா? லெசோன் நடத்தும் தனியார் இன்ஸ்டிட்யூட்டில் வகுப்பு எடுக்க இடம் கேட்பது எப்படி?

கூர்பிப்_ஆசிரியர்: ஆசிரியர் அறைதான் தம்பி, வேறு பேச்சே இல்லை. 11ஆம் கிரேடில் எழுதும் எஸ்.சி. பரீட்சைக்குத் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் ஒரு பள்ளியில் ஏழெட்டுப் பேர் இருந்தாலே பெரிது. எவனுக்கு இலக்கணம் வரவில்லை, எவளுக்குக் கட்டுரை வரவில்லை என்பது அங்கே தமிழ் நடத்துகிறவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மொத்த வகுப்பும் வரும். இரண்டு மூன்று பள்ளிகளின் தமிழ் ஆசிரியர்களைப் போய்ப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 3ஆம் கிரேடு வரைதான் லெசோனுக்குத் தடை. உங்கள் பிள்ளைகள் பெரியவர்கள், உங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

காத்ரபோர்ன்_அக்கா: ஐயா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். யாருக்கு எது வரவில்லை என்பது வகுப்பு ஆசிரியருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் கையிலிருந்து வாங்கும் வகுப்பு அவர் கையோடே போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படித்தான் தொடங்கினார். ஒரு பள்ளியின் தமிழ் ஆசிரியை அனுப்பிய ஏழு பிள்ளைகள். அடுத்த வருடம் அந்த ஆசிரியைக்கு மாற்றல் வந்தது. இருந்த பிள்ளைகள் பரீட்சை முடித்துப் போனார்கள், அதற்குப் பிறகு அந்தப் பள்ளியிலிருந்து வந்தது ஒரே ஒரு பிள்ளை. பிள்ளைகள் எல்லாம் ஒரே வகுப்பிலிருந்து வந்தால் அதை உங்கள் பெயருக்கு வந்த கூட்டமாக எண்ணாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வகுப்பில் மதிப்பெண் போடுகிறவரே "இவரிடம் போ" என்றால் பெற்றோருக்கு மறுக்க மனம் வராது. பயத்தில் அனுப்புவார்கள். அப்படி வரும் பிள்ளை படிப்பதில்லை, முதல் சாக்குக் கிடைத்ததும் நின்றுவிடும்.

தம்பி, நீங்கள் பார்க்க வேண்டியது தொடக்கப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவர்களை. ஒரு கிரேடின் பல பிரிவுகளிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டி நடத்துகிறவர்கள் அவர்கள். 6ஆம் கிரேடில் பி.எஸ்.ஏ.சி. பரீட்சை முடித்து எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போனது, எந்த அம்மா இன்னும் தமிழை விடாமல் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அவர்கள் இனி மதிப்பெண் போடப் போவதில்லை, உங்களோடு போட்டியும் இல்லை. மோக்காவில் உங்களுக்கு முன்னால் படித்தவர்களில் பாதிப் பேர் இந்த வேலையில்தான் இருப்பார்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

பாம்ப்ளமூஸ்_அம்மா: என் மகன் 4ஆம் கிரேடு. தமிழ் எழுத்து இன்னும் சரியாக வரவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க யாராவது இருக்கிறீர்களா? சனிக்கிழமை என்றால் நல்லது.

காத்ரபோர்ன்_அக்கா: அம்மா, தம்பி கேட்டது வேறு விஷயம். இருந்தாலும் சொல்கிறேன். 4ஆம் கிரேடுக்குக் காசு வாங்கி லெசோன் கொடுக்கச் சட்டம் இடம் தராது. முதலில் 3 வரை இருந்த தடையைப் பின்னால் 4 வரை நீட்டினார்கள். கூர்பிப் ஐயாவும் பழையதைத்தான் சொன்னார். உங்கள் பக்கத்துக் கோயிலில் மாலையில் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று கேளுங்கள்.

கூர்பிப்_ஆசிரியர்: சரி, 4 என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பெற்றோர் வட்டத்தை நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேர் "எங்கள் பிள்ளையும் வரும்" என்பார்கள். முதல் நாள் வருவது இரண்டு பேர். ஆசிரியர் அனுப்பினால் ஏழு என்றால் ஏழு.

காத்ரபோர்ன்_அக்கா: அது உண்மைதான். அதனால்தான் குழுவில் விளம்பரம் போடக் கூடாது என்கிறேன். உங்களிடம் ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் அம்மா அங்கே சொல்ல வேண்டும், அதுவும் யாராவது கேட்கும்போது. அப்புறம் யார் நிஜமாக வருவார்கள் என்பதைக் கேள்வியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். "எவ்வளவு வாங்குகிறீர்கள்" என்று மட்டும் கேட்கிறவர் பத்து இடத்தில் கேட்பவர். "எந்த நாள், எத்தனை மணிக்கு, திரும்பிப் போக பஸ் இருக்கிறதா" என்று கேட்கிறவர் மனதில் பிள்ளையை அனுப்பியே விட்டார்.

தமிழுக்குக் குறுக்கே நிற்பது நாள்தான். எஸ்.சி. பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை கணக்கும் அறிவியலும் பிடித்துக்கொள்ளும். ஆகவே உங்கள் பகுதியில் கணக்கு லெசோன் கொடுப்பவரிடம் பேசி, அவர் வகுப்பு முடியும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, அதை ஒட்டி உங்கள் நேரத்தை வையுங்கள். பெற்றோருக்கு இரண்டு தடவை அழைத்துவரும் அலைச்சல் மிச்சம். எனக்கு நிலையான பிள்ளைகள் வந்தது இந்த வழியில்தான். வேறு பாடக்காரர் என்பதால் அவரும் தயங்காமல் சொல்லிவிடுவார்.

காலமும் முக்கியம். ஜனவரியில் பள்ளி திறக்கிறது, அதை ஒட்டியே தைப்பூசக் காவடி விரதமும் வருகிறது. அந்தப் பத்து நாளும் தமிழ்ப் பெற்றோர் மாலையில் கோயிலில் கூடுவார்கள். அங்கே போய்ப் பிள்ளை பிடிக்கச் சொல்லவில்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றவோ, பரிமாறவோ கை கொடுங்கள். "என்ன செய்கிறாய்" என்று அவர்களே கேட்பார்கள். அப்போது சொல்வது போதும். முதல் பருவ மதிப்பெண் வந்த பிறகுதான் பலர் உண்மையில் கூப்பிடுவார்கள்.

வாக்வா_ஐயா: இன்ஸ்டிட்யூட் பற்றி ஒருவரும் பேசவில்லையே. என்னிடம் ஒரு இடத்தில் 40 விழுக்காடு கேட்டார்கள். மாதம் 800 ரூபாய் கட்டணத்தில் பத்துப் பிள்ளைகள் என்றால் 8,000. அவர்கள் பங்கு 3,200 போக எனக்கு 4,800. அதே 4,800 வீட்டில் ஆறு பிள்ளைகளை வைத்தாலே கிடைக்கும். அவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்தால் அந்தப் பங்கு நியாயம். தமிழுக்கு அவர்களிடம் பிள்ளை கிடையாது, நம்மைத்தான் கூட்டிவரச் சொல்வார்கள். ஆகவே "ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்" என்று முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பங்கு வேண்டாம், அறைக்கு மணிக்கணக்கில் வாடகை தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

கூர்பிப்_ஆசிரியர்: வாடகை பேச்சு நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பிள்ளை அனுப்பிய ஆசிரியருக்கு ஏதாவது கொடுப்பதில் என்ன தவறு? அவர் உழைப்பில் வந்த நம்பிக்கைதானே அது.

காத்ரபோர்ன்_அக்கா: தலைக்கு இவ்வளவு என்று பேசிய நாளிலிருந்து, நன்றாகப் படிக்கிற பிள்ளையையும் "உனக்கு லெசோன் வேண்டும்" என்று அனுப்பத் தோன்றும் ஐயா. பெற்றோர் காதுக்கு அது எட்டாமல் போகாது, இந்த ஊர் அவ்வளவு பெரியதில்லை. நான் கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

கூர்பிப்_ஆசிரியர்: நாங்கள் எல்லோரும் அப்படிச் செய்கிறவர்கள் என்று ஆகாது. நான் காசு வாங்காமல்தான் அனுப்பியிருக்கிறேன். அதையும் சொல்லுங்கள்.

வாக்வா_ஐயா: காசு வேண்டாம் என்றால் வேறு வழி உண்டே. அவர் அனுப்பிய பிள்ளை எந்தப் பகுதியில் தடுமாறுகிறது என்று பருவத்துக்கு ஒருமுறை அவரிடம் சொல்லுங்கள். நான் அப்படித்தான். அடுத்த பிள்ளையும் வருகிறது.

ரோஸ்ஹில்_புதியவர்: எல்லோருக்கும் நன்றி. எனக்கு 6ஆம் கிரேடில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியை இன்னும் பணியில்தான் இருக்கிறார். முதலில் அவரைப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: முதல் மாதம் காசு வாங்காமல் நடத்தலாமா?

காத்ரபோர்ன்_அக்கா: ஒரு மாதம் வேண்டாம் தம்பி, ஒரு வகுப்பு போதும். இலவசம் முடியும் மாதத்தில்தான் பிள்ளைகள் காணாமல் போவார்கள்.

வாக்வா_ஐயா: எனக்கு அப்படி ஆகவில்லை. ஒரு மாதம் கொடுத்தேன், பெரும்பாலோர் தங்கினார்கள்.